கிணற்றுக் கப்பியை அளவு பிசகாமல் முப்பரிமாணமாக்குவது: எத்தனை படம், எத்தனை அளவுக்கோல்?

திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வீட்டுக் கிணற்றுக்கு இன்னும் மரக்கப்பிதான். அம்மப்பா காலத்துக் கப்பி. வெளிவிட்டம் ஒன்பது சென்டிமீட்டருக்குச் சற்று மேல், தடிப்பு மூன்றரைக்குச் சற்றுக் கீழ், நடுவில் அச்சுக் கம்பிக்கு ஒரு துளை, சுற்றிவரக் கயிறு ஓடும் பள்ளம். அந்தப் பள்ளம் ஒரு பக்கமாகத் தேய்ந்துபோய் விளிம்பில் வெடிப்பும் விழுந்துவிட்டது. அதேபோல் இன்னொன்று கடையவேண்டும் என்றபோது, வேணியர் இடுக்கியை வைத்து விட்டத்தையும் தடிப்பையும் எடுத்துவிடலாம், பள்ளத்தின் வளைவை எப்படி எடுப்பது என்ற கேள்வி வந்தது. அதனால்தான் போனில் படமெடுத்து முப்பரிமாண உருவாக்க முயன்றேன்.

முதல் முயற்சி தோல்வி. உருவம் அச்சொட்டாக வந்தது, அளவு பிசகிவிட்டது. கப்பிக்குப் பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்துப் படமெடுத்து, அதன் விட்டத்தைக் கொண்டு அளவு கொடுத்திருந்தேன். கடைந்து தந்த தச்சு வேலை அண்ணை அதை இரும்புப் பட்டிக்குள் மாட்டிப் பார்த்துவிட்டு, “தம்பி, இது சுத்துது, ஆனா ரெண்டு பக்கமும் உரசுது. நீர் தந்த அளவு கூட” என்றார். பட்டிக்குள் மொத்தமே அரை மில்லிமீட்டர்தான் இடைவெளி. அதில் பெரும்பகுதியை என் நாணயம் விழுங்கிவிட்டது. ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன். அதில்தான் விஷயமே இருக்கிறது.

படம் உருவத்தைத் தரும், அளவைத் தராது

ஒரு பொருளைப் பல கோணங்களில் படமெடுத்தால், மென்பொருள் எல்லாப் படங்களிலும் பொதுவாகத் தெரியும் சின்னச் சின்ன அடையாளங்களைப் பொருத்திப் பார்க்கிறது. மரத்தின் ஒரு கீறல், ஒரு கறை, ஆணி பட்ட இடம் இப்படி எதுவும் அடையாளம்தான். பொருந்தியவற்றை வைத்து, ஒவ்வொரு படமும் எங்கிருந்து எடுக்கப்பட்டது, அந்த அடையாளங்கள் வெளியில் எந்த இடத்தில் இருக்கின்றன என்று இரண்டையும் சேர்த்தே கணக்கிடுகிறது.

இதில் ஒரு ஓட்டை உண்டு. ஒன்பது சென்டிமீட்டர் கப்பியை இருபத்தைந்து சென்டிமீட்டர் தள்ளி நின்று எடுத்தாலும், ஒன்பது மீட்டர் கப்பியை இருபத்தைந்து மீட்டர் தள்ளி நின்று எடுத்தாலும் கிடைக்கும் படம் ஒன்றேதான். எத்தனை நூறு படம் சேர்த்தாலும் இந்தக் குழப்பம் தீராது. ஆகவே எத்தனை படம் என்பதும் எத்தனை அளவுக்கோல் என்பதும் இரண்டு வேறு கேள்விகள். படத்தின் எண்ணிக்கை உருவத்தின் நேர்த்தியைத் தீர்மானிக்கும், அளவுக்கோல் அதன் பருமனைத் தீர்மானிக்கும்.

எத்தனை படம்: மறைந்திருக்கும் இடத்திலிருந்து எண்ணுங்கள்

அடுத்தடுத்த படங்களுக்கிடையே அறுபது வீதம், எண்பது வீதம் மேற்பொருந்தல் வேண்டும் என்று பலரும் சொல்வார்கள். அது வானிலிருந்து நிலத்தை எடுப்பவர்களின் கணக்கு. கையடக்கமான பொருளில் ஒவ்வொரு படத்திலும் முழுப் பொருளும் விழுந்துவிடுவதால் அந்தக் கணக்கு நமக்கு அதிகம் உதவாது. இங்கே பார்க்கவேண்டியது அடுத்தடுத்த இரண்டு படங்களுக்கு இடையிலான கோணம்.

ஒரு கீறலைப் பதினைந்து பாகை திரும்பிப் பார்த்தாலும் அது கிட்டத்தட்ட அதே கீறலாகத்தான் தெரியும். முப்பது பாகையைத் தாண்டினால் அதன் வடிவம் சப்பையாகிவிடும், மென்பொருள் அதை வேறொன்று என்று நினைத்து விட்டுவிடும். ஆகவே பத்திலிருந்து பதினைந்து பாகைக்கு ஒரு படம் என்பது நல்ல இடைவெளி. பதினைந்து பாகை என்றால் ஒரு சுற்றுக்கு 24 படம், பத்துப் பாகை என்றால் 36.

ஒரு புள்ளியின் இடத்தைக் கண்டுபிடிக்க இரண்டு படம் போதும் என்பது கணிதம். ஆனால் இரண்டில் ஒன்று பிழையாகப் பொருந்தியிருந்தால் அதைக் காட்டிக்கொடுக்க ஆளில்லை. மூன்றாவது படம் வந்தால்தான் பிழை வெளிப்படும். நடைமுறையில் ஒவ்வொரு இடத்தையும் ஐந்தாறு படமாவது பார்க்கும்படி நான் வைத்துக்கொள்கிறேன்.

இப்போது கப்பியைப் பாருங்கள். மேல்முகத்தைப் பற்றிக் கவலையே இல்லை, எந்தப் பக்கத்திலிருந்து எடுத்தாலும் தெரியும். சிக்கல் கயிறு ஓடும் பள்ளத்தில். என் கப்பியில் பள்ளத்தின் வாய் அகலம் 20 மி.மீ., ஆழம் 18 மி.மீ. கப்பியைத் தட்டையாகக் கிடத்தி வைத்தால், பள்ளத்தின் அடி நடுப்பகுதி கிடைமட்டத்திலிருந்து ஏறக்குறைய 29 பாகை உயரம் வரை நின்று பார்த்தால் மட்டுமே தெரியும். அதற்கு மேலே போனால் விளிம்பு மறைத்துவிடும். ஆக நான் 45 பாகையிலும் 70 பாகையிலும் எத்தனை படம் குவித்தாலும் பள்ளத்தின் அடிக்கு அவற்றால் ஒரு பயனும் இல்லை. அதைப் பார்ப்பது தாழ்ந்த சுற்று மட்டும்தான்.

அதனால் எண்ணிக்கையை எல்லாச் சுற்றுக்கும் சமமாகப் பிரிக்காமல் இப்படி வைத்தேன். ஏறத்தாழ 15 பாகை உயரத்தில் தாழ்ந்த சுற்று, 12 பாகைக்கு ஒன்றாக 30 படம். 45 பாகையில் நடுச்சுற்று, 24 படம். 70 பாகையில் மேற்சுற்று, 12 படம் போதும், ஏனென்றால் அவ்வளவு உயரத்தில் சுற்றின் வட்டமே சிறியது, முப்பது பாகை சுற்றி வந்தாலும் பார்வை உண்மையில் பத்துப் பாகை அளவில்தான் மாறுகிறது. கடைசியாக, போனை 90 பாகை சரித்துப் பிடித்து வெவ்வேறு உயரங்களில் ஆறு படம். மொத்தம் 72. பிறகு கப்பியைப் புரட்டிப் போட்டு மறுபடி 72. எல்லாமாக 144.

சரித்துப் பிடித்த அந்த ஆறு படம் கணக்குக்குச் சேர்த்த படமல்ல. வில்லையின் வளைவுப் பிழையையும் மென்பொருள் இதே படங்களிலிருந்துதான் கணிக்கிறது. எல்லாப் படமும் ஒரே பிடியில் இருந்தால், வில்லையின் பிழையா பொருளின் வளைவா என்று பிரித்தறிய அதற்கு வழி குறைகிறது. சரித்த படங்கள் அந்தச் சிக்கலை அவிழ்க்கின்றன.

இவ்வளவு வேண்டுமா என்று சந்தேகம் வந்ததால் அதே படங்களில் சிலவற்றை விலக்கிவிட்டு மறுபடி ஓட்டிப் பார்த்தேன். தாழ்ந்த சுற்றை 15 ஆகக் குறைத்தபோது உருவம் வந்தது, ஆனால் பள்ளத்தின் அடி புளித்த மாவுபோல் பொம்மிக்கொண்டிருந்தது. 10 ஆகக் குறைத்தபோது சில படங்களை மென்பொருள் சேர்க்கவே இல்லை. மறுநாள் பொறுமையாக 60 படத்துடன் ஒரு சுற்று எடுத்தும் பார்த்தேன். நேரம்தான் கூடியது, பள்ளத்தில் கண்ணுக்குத் தெரிந்த வித்தியாசம் இல்லை. கவனிக்கவேண்டிய இன்னொன்று: 15 படத்தில் உருவம் கெட்டபோதும் அளவு ஏறக்குறைய அப்படியேதான் இருந்தது.

அளவுக்கோல்: ஒன்று கட்டாயம், நான்கு நல்லது

கொள்கையளவில் தெரிந்த நீளம் ஒன்றே ஒன்று இருந்தால் முழு உருவத்துக்கும் அளவு கிடைத்துவிடும். ஆனால் அந்த ஒன்று பிழை என்றால் அதை அறிய வழியே இல்லை. இரண்டு இருந்தால் அவை முரண்படும்போது ஏதோ பிழை என்று தெரியும், எது பிழை என்று தெரியாது. மூன்று இருந்தால் தனித்து நிற்பது எது என்று தெரியும். நான்காவதை அளவு கொடுக்கப் பயன்படுத்தாமல் ஒதுக்கி வைத்து, கடைசியில் சோதனைக்கு மட்டும் எடுக்கவேண்டும். ஆகவே என் விடை நான்கு. மூன்று அளவு கொடுக்க, ஒன்று சாட்சிக்கு.

எண்ணிக்கையைவிட நீளம் முக்கியம். உருவத்தில் ஒரு புள்ளியைச் சுட்டும்போது, கை எவ்வளவு நிதானமாக இருந்தாலும், 0.1 மி.மீ. அளவுக்குத் தள்ளாடும். 100 மி.மீ. நீளமுள்ள கோலில் அது ஆயிரத்தில் ஒன்று, 92 மி.மீ. கப்பியில் 0.09 மி.மீ. பிழையாக வரும். அதே தள்ளாட்டம் 20 மி.மீ. கோலில் இருநூறில் ஒன்று, கப்பியில் அரை மி.மீ. பிழை. பொருளின் அளவுக்குக் குறையாத நீளத்தில் கோல் இருக்கவேண்டும் என்பது இதனால்தான்.

நாணயம் ஏன் காலை வாரியது என்பதும் இங்கேதான் இருக்கிறது. அது குட்டை, விட்டம் இருபத்தைந்து மி.மீ. அளவுதான். பளபளப்பு வேறு, அதனால் அதன் மேல் பொருத்த அடையாளங்களும் சரியாக விழவில்லை. எல்லாவற்றையும்விட, மென்பொருள் கூரான விளிம்புகளைக் கொஞ்சம் மழுக்கித்தான் உருவாக்கும். நாணயத்தின் விளிம்பு மழுங்கி அது உருவத்தில் சற்றுச் சிறியதாக வந்தது. சிறியதாக வந்ததை உண்மை விட்டத்துக்கு இழுத்தபோது கப்பியும் சேர்ந்து பெருத்துவிட்டது. 0.3 மி.மீ. மழுங்கினால் நூற்றுக்கு 1.2. கப்பியின் தடிப்பில் அது 0.4 மி.மீ. அண்ணை உரசுது என்றது அந்த 0.4தான்.

விளிம்பிலிருந்து விளிம்புக்கு அளக்காதீர்கள். மையத்திலிருந்து மையத்துக்கு அளக்கும்படி கோல் இருக்கவேண்டும். நான் செய்தது எளிது. நான்கு காற்பங்காகப் பிரித்துக் கறுப்பும் வெள்ளையும் மாறி மாறி நிரப்பிய 8 மி.மீ. வட்டங்கள் இரண்டை 100 மி.மீ. தள்ளி வரைந்து லேசர் அச்சில் எடுத்தேன். காற்பங்குகள் சந்திக்கும் புள்ளிதான் மையம். கண்ணுக்கும் தெளிவு, மென்பொருளுக்கும் தெளிவு.

அச்சிடும்போது `Actual size` என்பதைத் தெரிவுசெய்யவேண்டும். `Fit` என்று விட்டால் தாளின் ஓரத்துக்கு இடம்விட்டு எல்லாவற்றையும் சுருக்கிவிடும். சரியாகத் தெரிவுசெய்தாலும் 100 என்று வரைந்தது 100 ஆக வராது. எனவே திரையில் வரைந்த எண்ணை நம்பவேண்டாம், வெட்டி ஒட்டிய பிறகு அளந்த எண்ணையே நம்புங்கள். வெறும் தாளாகவும் விடவேண்டாம். வாடைக் காற்றுக் காலத்தில் திருகோணமலைக் காற்றில் இருக்கும் ஈரத்துக்குத் தாள் ஊதும், அதுவும் ஒரு திசையில் கூடுதலாக. நான் தாளைச் சன்மைக்கா துண்டுகளில் ஒட்டி, ஒருநாள் காயவிட்டு, டிஜிட்டல் வேணியரின் முனைகளை மையங்களில் வைத்து ஒவ்வொன்றையும் ஐந்து தடவை அளந்து சராசரி எடுத்தேன். நான்கும் 99.62, 99.58, 99.66, 99.60 மி.மீ. என்று வந்தன. அந்த எண்களை ஒவ்வொரு துண்டின் பின்பக்கத்திலும் எழுதி வைத்திருக்கிறேன். ஒட்டிக் காய்ந்ததும் எழுதவில்லை என்றால் அடுத்த மாதம் எது எதுவென்று தெரியாது.

மேடை, வெளிச்சம், போன்

30 சென்டிமீட்டர் தரை ஓடு ஒன்றை எடுத்து, பழைய பத்திரிகைத் தாளை அதன்மேல் சுருக்கமில்லாமல் ஒட்டினேன். பத்திரிகை எழுத்துகள் மென்பொருளுக்கு விருந்து. வெறும் வெள்ளைத் துணியில் பிடிமானம் இருக்காது. ஓடு தட்டையானது என்பதும் பிறகு உதவும். நடுவில் நான்கு சென்டிமீட்டர் உயர மரக்கட்டை, அதன்மேல் கப்பி. கட்டை இல்லாவிட்டால் 15 பாகைக்குப் போனைத் தாழ்த்தும்போது கை நிலத்தில் முட்டும்.

மூன்று கோல்களைக் கப்பியைச் சுற்றி முக்கோணமாக, வெவ்வேறு திசையில் இருபக்க நாடாவால் ஒட்டவேண்டும். நான்காவதை ஒரு கட்டைத்துண்டில் சாய்த்து ஒட்டவேண்டும், ஒரு முனை கீழே, மறுமுனை கப்பியின் உயரத்துக்கு. எல்லாக் கோலும் ஒரே தளத்தில் படுத்திருந்தால் உயரத் திசையில் உருவம் நீண்டோ சுருங்கியோ போயிருப்பதை எதுவும் காட்டாது. சாட்சிக்கு ஒதுக்கியது இந்தச் சாய்ந்த கோலைத்தான்.

பொருளும் மேடையும் அசையக்கூடாது, நாம்தான் சுற்றவேண்டும். நேர்வெயில் வேண்டாம். நிழல் நகர்ந்துகொண்டே போகும், பள்ளமும் இருட்டாகிவிடும். எங்கள் வீட்டு வடக்கு விறாந்தையில் காலை பத்து மணி வெளிச்சம் நன்றாக இருந்தது. கச்சான் அடிக்கும் மாதங்களில் மட்டும் அங்கே வைக்கமுடியாது, பத்திரிகையின் ஓரம் படபடக்க ஆரம்பித்துவிடும். அப்படி ஒருநாள் எடுத்த படங்களை எல்லாம் தூக்கிப்போட்டேன். கடற்கரைக்குக் கிட்ட இருப்பவர்களுக்கு இன்னொன்று: போன் வில்லையில் உப்புப் படலம் ஏறும். கண்ணுக்குத் தெரியாது, படம் முழுக்க மெல்லிய புகைபோல் இருக்கும். தொடங்கும்முன் துடையுங்கள்.

போனில் பிரதானக் கமெராவை மட்டும் பயன்படுத்துங்கள். கிட்டப் போனால் சில போன்கள் தாமாகவே அகலக் கமெராவுக்கு மாறிவிடும், அந்த வசதியை நிறுத்திவையுங்கள். திரையில் பொருளை அழுத்திப் பிடித்துக் குவியத்தையும் வெளிச்சத்தையும் பூட்டவேண்டும். ஒவ்வொரு படத்துக்கும் குவியம் மாறினால் வில்லையின் கணக்கும் ஒவ்வொரு படத்துக்கும் மாறும். எடுத்த பிறகு வெட்டவோ அழகுபடுத்தவோ கூடாது. கணினிக்குக் கம்பி வழியாக மாற்றுங்கள். செய்திச் செயலி வழியாக அனுப்பினால் படம் சுருங்குவதோடு, குவியத்தூரம் போன்ற விவரங்களும் உதிர்ந்துவிடும்.

தூரம் 25 சென்டிமீட்டர். அந்தத் தூரத்தில் ஒரு அடிமட்டத்தைப் படமெடுத்துப் பார்த்தேன், படத்தின் அகலத்துக்குள் ஏறக்குறைய 34 சென்டிமீட்டர் அடங்கியது. படம் 4000 புள்ளி அகலம் என்பதால் ஒரு புள்ளி 0.085 மி.மீ. இரண்டு மூன்று புள்ளிக்குக் குறைந்த நுணுக்கம் உருவத்தில் வராது, ஆக கால் மி.மீ.க்கும் மெல்லிய வெடிப்பை எதிர்பார்க்கக்கூடாது. 12 பாகை என்பதைக் கோணமானி வைத்து அளக்கவேண்டாம். இந்தத் தூரத்தில் அது பக்கவாட்டில் ஐந்து சென்டிமீட்டர் நகர்வு. மூன்று விரல் அகலம் என்று வைத்துக்கொண்டு நகர்ந்தேன்.

கணினியில்

படங்களிலிருந்து உருவத்தைக் கட்ட நான் பயன்படுத்திய மென்பொருள் மெஷ்ரூம், அது இலவசம். உருவத்தை அடர்த்தியாகக் கட்டும் கட்டத்துக்கு என்விடியா வரைகலை அட்டை வேண்டும். புரட்டுவதற்கு முன் எடுத்த 72 படமும் ஒரு திட்டம், புரட்டிய பின் எடுத்த 72 இன்னொரு திட்டம். இரண்டையும் ஒன்றாகப் போட்டுவிடாதீர்கள். மேடை அப்படியே இருக்கக் கப்பி மட்டும் புரண்டிருப்பதால் மென்பொருள் பத்திரிகையை நம்புவதா கப்பியை நம்புவதா என்று தடுமாறி, ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு கப்பியைத் தரும். ஒவ்வொரு திட்டத்திலும் நான்கு கோல்களும் இருக்கவேண்டும்.

கிடைத்த உருவத்தைக் கிளவுட்கம்பேர் என்ற இன்னொரு இலவச மென்பொருளில் திறந்து, `Point picking` கருவியால் ஒவ்வொரு கோலின் இரண்டு மையங்களையும் சுட்டி இடைத்தூரம் பார்க்கவேண்டும். ஒவ்வொன்றையும் மூன்று தடவை சுட்டிச் சராசரி எடுத்தேன். வரும் எண்ணுக்கு அலகு இல்லை, மென்பொருள் தன் இஷ்டத்துக்கு வைத்த அளவு அது. உண்மை நீளத்தை அதனால் வகுத்தால் பெருக்கு எண் கிடைக்கும்:

```
A:  99.62 / 2.4125 = 41.293
B:  99.58 / 2.4098 = 41.323
C:  99.66 / 2.4133 = 41.296
சராசரி            = 41.304
```

மூன்றுக்கும் இடையிலுள்ள பெரிய வித்தியாசம் நூற்றுக்கு 0.07. நூற்றுக்கு 0.1 தாண்டாதவரை நான் கவலைப்படுவதில்லை. ஒன்று மட்டும் தனியாக விலகி நின்றால் முதலில் அந்தக் கோலை மறுபடி வேணியரால் அளந்து பாருங்கள். பெரும்பாலும் எழுதி வைத்த எண்தான் பிழையாக இருக்கும்.

இனி சாட்சி. சாய்ந்த கோல் உருவத்தில் 2.4131 என்று வந்தது. 41.304 ஆல் பெருக்கினால் 99.67. உண்மை 99.60. ஆக 0.07 மி.மீ. பிழை. இந்த எண்ணைத்தான் நான் வெளியில் சொல்வேன். அளவு கொடுக்கப் பயன்படுத்திய கோல்கள் ஒத்துவருவதில் பெருமைப்பட ஒன்றுமில்லை, அவற்றை ஒத்துவரச் செய்ததே நாம்தான். சரி என்றால் `Edit > Multiply/Scale` இல் மூன்று திசைக்கும் அதே 41.304 ஐக் கொடுங்கள். உருவம் இப்போது மில்லிமீட்டரில் இருக்கிறது.

அடுத்தது ஓடு. பத்திரிகைப் பரப்பை மட்டும் வெட்டியெடுத்து `Tools > Fit > Plane` கொடுத்து, அந்தத் தளத்திலிருந்து பரப்பு எவ்வளவு விலகுகிறது என்று பாருங்கள். அங்குமிங்குமாகச் சிறு விலகல்கள் இருக்கும், அது இயல்பு. ஆனால் நடு உயர்ந்து நான்கு மூலையும் தாழ்ந்து குவிந்த தட்டுப்போல் இருந்தால், அல்லது அதற்கு எதிர்மாறாக இருந்தால், வில்லையின் கணிப்பு தவறிவிட்டது. கோல்கள் சரியாகத் தெரிந்தாலும் உருவம் வளைந்திருக்கிறது. இதற்கு மருந்து கூடுதல் கோல் அல்ல, சரித்துப் பிடித்த படங்களும் வெவ்வேறு உயரப் படங்களும்தான். முதல் முறை அந்த ஆறு படத்தைச் சோம்பலில் விட்டதற்கு இந்தக் குவிந்த தட்டைத்தான் நான் பார்த்தேன்.

இரண்டு பாதியையும் சேர்ப்பது

புரட்டிய உருவத்துக்கும் இதே கணக்கைத் தனியாகச் செய்து, இரண்டிலும் மேடையை வெட்டிவிடவேண்டும். மிஞ்சுவது இரண்டு கப்பி. இரண்டிலும் பள்ளமும் விளிம்பும் பொதுவாகத் தெரியும். கயிறு அறுத்த தடம், வெடிப்பின் நுனி, ஒரு கறுத்த முடிச்சு என்று ஐந்து இடங்களை `Align (point pairs picking)` கருவியில் சோடி சோடியாகச் சுட்டினேன்.

அந்தக் கருவியில் `adjust scale` என்று ஒரு பெட்டி இருக்கிறது. அதை முதலில் வேண்டுமென்றே தெரிவுசெய்து ஓட்டிப் பாருங்கள். இரண்டு பாதிக்கும் நாம் தனித்தனியாக அளவு கொடுத்திருப்பதால் அது சொல்லும் விகிதம் ஒன்றுக்கு மிகக் கிட்ட இருக்கவேண்டும். எனக்கு 1.0008 வந்தது. 92 மி.மீ. விட்டத்தில் அது 0.07 மி.மீ. தனித்தனியாக எடுத்த இரண்டு வேலையும் இவ்வளவு ஒத்துப்போவது, சாட்சிக் கோலைவிட எனக்குப் பெரிய நிம்மதி. 1.005 போல வந்திருந்தால் மேலே போயிருக்கமாட்டேன், கோல்களை மறுபடி சுட்டியிருப்பேன். பார்த்தபின் பெட்டியை நீக்கிவிட்டு, அளவை மாற்றாமல் சேர்த்து, கடைசியாக `Fine registration (ICP)` கொடுத்தால் போதும்.

எல்லாம் முடிந்தபின் பொருளையே அளந்து பார்க்கவேண்டும். வெடிப்புக்கு நேரே எதிரில் ஒரு இடத்தில் பென்சிலால் குறி வைத்திருந்தேன். அங்கே தடிப்பு வேணியரில் 33.9, உருவத்தில் 33.8. இதைப் பார்த்துப் பெருக்கு எண்ணைத் திருத்தப் போகாதீர்கள். மரத்தில் வேணியரை அழுத்தும் விதத்திலேயே 0.1 மாறும்.

ஒரு இடத்தில் மட்டும் இந்த வழி கைகொடுக்கவில்லை. அச்சுத் துளை 14 மி.மீ. விட்டம், 34 மி.மீ. ஆழம். மேற்சுற்றிலிருந்து உள்சுவர் ஓரளவு தெரிந்தாலும் உள்ளே வெளிச்சம் போகாது, சுவரும் மிகச் சரிவாகவே தெரியும். உருவத்தில் துளை நடுவில் ஒடுங்கி, மணல்கடிகாரம்போல் வந்தது. அதைத் திருத்தக் கூடுதல் படம் எடுத்து நேரத்தை வீணாக்கவேண்டாம். வேணியரின் உள்முனைகளால் இரண்டு பக்கமும் விட்டத்தை எடுத்து, உருவத்தில் துளையை அடைத்துவிட்டுப் புதிதாக ஒரு நேர்த்துளை போட்டேன்.

கோப்பை அனுப்பும்போது ஒரு சின்ன விஷயம். முப்பரிமாண உருவத்தைச் சேமிக்கும் எஸ்.டி.எல். கோப்புக்குள் அலகு எழுதப்படுவதில்லை, வெறும் எண்கள்தான். அதைத் திறப்பவரின் மென்பொருள் அங்குலம் என்று எடுத்துக்கொண்டால் நம் 92 மி.மீ. கப்பி இரண்டேகால் மீட்டருக்கு மேல் போய்விடும். நான் கோப்பின் பெயரை `kappi_mm.stl` என்று வைத்து, கூடவே ஒரு தாளில் வெளிவிட்டம், தடிப்பு, துளை மூன்றையும் எழுதி அண்ணையிடம் கொடுத்தேன். அவர் கோப்பைத் திறக்கும்முன் தாளைத்தான் பார்த்தார், பிறகு பட்டியை எடுத்துவரச் சொன்னார்.